சிவப்பு எதற்கு, ஊதா எதற்கு: வீட்டுச் சமையலறையில் நிறம் பிரிப்பது

கேள்வி: வீட்டில் கோழி, மீன் எல்லாம் சமைப்போம். எட்டு வயது மகனுக்கு வேர்க்கடலை அலர்ஜி என்று இப்போதுதான் தெரிந்தது. மற்றவர்கள் வேர்க்கடலை சாப்பிடுகிறோம். ஆறு கலரில் ஒரு கட்டிங் போர்டு செட் பார்த்தேன். அதை வாங்கினால் போதுமா? டப்பா, கரண்டிக்கும் கலர் பிரிக்க வேண்டுமா? எந்தக் கலர் எதற்கு?

பதில்:

ஆறு கலர் வேண்டாம். உங்களுக்குத் தேவை இரண்டே நிறம்தான்: சிவப்பு, ஊதா. சமைக்காத இறைச்சிக்கும் மீனுக்கும் சிவப்பு. வேர்க்கடலை ஒருபோதும் தொடக்கூடாத சாமான்களுக்கு ஊதா. மற்ற வேலைக்கெல்லாம் இப்போது வீட்டில் இருக்கிற பலகையும் கரண்டியும் டப்பாவும் அப்படியே இருக்கட்டும். பலகைக்கு மட்டும் நிறம் பிரித்தால் போதாது. கரண்டிக்கும் டப்பாவுக்கும் பாத்திரம் தேய்க்கும் ஸ்க்ரப்பருக்கும் அதே இரண்டு நிறம் வேண்டும். சொல்லப்போனால் பலகையைவிடக் கரண்டிதான் அதிகம் காலை வாரிவிடும். அதற்குப் பிறகு வருகிறேன்.

அந்த ஆறு கலர் செட் உணவகச் சமையலறைகளின் பழக்கத்தைப் பார்த்துச் செய்தது. அங்கே ஒரே நேரத்தில் நாலைந்து பேர் நிற்பார்கள். ஒருவர் மீன் மட்டும், ஒருவர் சாலட் மட்டும் பார்ப்பார். அவர்களுக்கு ஆறு நிறம் பொருந்தும். வீட்டில் ஒருவரே எல்லாவற்றையும் நறுக்குகிறார். ஆறு பலகையில் எது எதற்கு என்று யோசிக்க வேண்டியிருந்தால், அவசரத்தில் கைக்கு அகப்பட்டதை எடுத்துவிடுவார். இன்னொரு சிக்கலும் இருக்கிறது. இந்த நிறங்களுக்கு உலகம் முழுவதும் ஒரே பொருள் கிடையாது. பிரிட்டனில் பரவலாக உள்ள முறையில் மஞ்சள் பலகை சமைத்த இறைச்சிக்கு. அமெரிக்காவில் பல இடங்களில் அதே மஞ்சள் சமைக்காத கோழிக்கு. ஒன்றுக்கொன்று நேர் எதிர். ஆகவே பெட்டியின் மேல் அச்சடித்த படத்தை விதியாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. சமைக்காத இறைச்சிக்குச் சிவப்பு, ஒவ்வாமைப் பொருள் இல்லாத உணவுக்கு ஊதா என்ற இரண்டும் பல இடங்களில் ஒத்துப்போவதால் அவற்றைச் சொல்கிறேன். உங்கள் வீட்டுக்கு வேறு நிறம் வசதி என்றால் அதுவே சரி. ஆனால் ஒருமுறை முடிவு செய்தபின் மாற்றக்கூடாது.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம். உங்கள் வீட்டில் இரண்டு வெவ்வேறு ஆபத்துகள் இருக்கின்றன. இரண்டும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை.

முதலாவது கிருமி. சமைக்காத கோழியில் கேம்பிலோபேக்டர், சால்மனெல்லா போன்ற கிருமிகள் இருக்கலாம். இவை சூட்டில் சாகும். கோழியின் நடுப்பகுதி 75 டிகிரி செல்சியஸ் எட்டிவிட்டால் கவலை இல்லை. அதனால் இங்கே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்தப் பலகை தொட்ட பொருள் இனிமேல் அடுப்பேறுமா, ஏறாதா? ஏறும் என்றால் பிரச்சினை குறைவு. ஏறாது என்றால், அதாவது வெள்ளரிக்காய், தக்காளி, பழம், ரொட்டி என்றால், கோழி பட்ட பலகை அதன் பக்கமே போகக்கூடாது. கேம்பிலோபேக்டர் மிகச் சொற்ப எண்ணிக்கையில் உள்ளே போனாலே வயிற்றைப் பதம் பார்த்துவிடும். பலகையில் கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டியிருக்கும் ஈரம் போதும்.

இரண்டாவது வேர்க்கடலை. ஒவ்வாமையை உண்டாக்குவது அதிலுள்ள புரதம். அது உயிருள்ள பொருள் அல்ல, கொல்வதற்கு. கொதிக்க வைத்தாலும் வறுத்தாலும் அது ஒவ்வாமை உண்டாக்குவதை நிறுத்தாது. கிருமிநாசினி தெளித்தாலும் போகாது. சோப்புப் போட்டுத் தேய்த்து, ஓடும் நீரில் கழுவி, அந்த இடத்தைவிட்டே அகற்றினால்தான் போகும். கைகளைப் பற்றி 2004இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளியானது. வேர்க்கடலை வெண்ணெய் பூசிய கைகளைச் சோப்பால் கழுவியபோது புரதம் நீங்கிவிட்டது. ஆனால் கிருமிநாசினி ஜெல் தடவிய கைகளில் ஏறக்குறைய பாதியில் அது அப்படியே இருந்தது. வெறும் தண்ணீரும் முழுதாகப் போக்கவில்லை. கடலை விழுதில் எண்ணெய் அதிகம் என்பதால் அது பிடித்துக்கொள்ளும்.

இந்த வேறுபாடு தவறு நடந்துவிட்ட நேரத்தில்தான் பளிச்சென்று தெரியும். கொதித்துக்கொண்டிருக்கும் குழம்பில் தெரியாமல் சிவப்புக் கரண்டியை விட்டுவிட்டீர்கள் என்றால், இன்னும் கொஞ்ச நேரம் நன்றாகக் கொதிக்கவிட்டால் சரியாகிவிடும். ஆனால் கடலை பட்ட கரண்டி அந்தக் குழம்பில் விழுந்தால், எத்தனை மணி நேரம் கொதித்தாலும் அது மகனுக்கு ஆகாது. மற்றவர்கள் சாப்பிடலாம், அவனுக்கு வேறு செய்ய வேண்டும். "சூடு பண்ணிட்டேன், ஒண்ணும் ஆகாது" என்று வீட்டில் யாராவது சொன்னால், அது கோழிக்குப் பொருந்தும், கடலைக்குப் பொருந்தாது என்பதை எல்லாருக்கும் ஒருமுறை உட்கார்த்திச் சொல்லிவிடுங்கள்.

இதிலிருந்து இரண்டு நிறங்களின் வேலையும் எதிரெதிர் திசையில் இருப்பது புரியும். சிவப்பு, ஆபத்து எங்கே இருக்கிறது என்று காட்டுகிறது. அதிலிருந்து மற்றவற்றைக் காப்பாற்ற வேண்டும். ஊதா, எது சுத்தமாக இருக்க வேண்டும் என்று காட்டுகிறது. மற்ற எல்லாவற்றிலிருந்தும் அதைக் காப்பாற்ற வேண்டும். பலரும் இங்கே குழம்பி, வேர்க்கடலைக்கென்று ஒரு கலர் ஒதுக்கிவிட்டு நிம்மதியாக இருந்துவிடுவார்கள். அதில் ஓட்டை இருக்கிறது. விருந்தாளி ஒருவர் சாதாரண ஸ்பூனைக் கடலை டப்பாவில் விட்டு, கழுவுகிற இடத்தில் போட்டுவிட்டால், அடுத்த நாள் எந்த ஸ்பூன் கடலை தொட்டது என்று யாருக்கும் தெரியாது. ஊதா முறையில் அந்தச் சந்தேகமே எழாது. நிறமில்லாத எதையும் மகனுடைய உணவுக்கு நம்புவதில்லை, அவ்வளவுதான்.

ஒரு நுணுக்கத்தை மட்டும் கவனமாகப் பிடித்துக்கொள்ளுங்கள். சிவப்புச் சாமான்களிலும் வேர்க்கடலை படக்கூடாது. மகனும் கோழி சாப்பிடுகிறான் இல்லையா? அவனுடைய துண்டுகளும் அந்தச் சிவப்புப் பலகையில்தான் நறுக்கப்படும். கடலை விழுது தடவி ஊறவைத்த கோழியை நேற்று அதே பலகையில் வைத்திருந்தால், இன்றைக்குக் கோழியிலுள்ள கிருமி வாணலியில் சாகும், கடலை சாகாது. எனவே வேர்க்கடலை தொடலாம் என்ற அனுமதி நிறமில்லாத சாமான்களுக்கு மட்டுமே.

இதையெல்லாம் ஒரு இரவுச் சமையலில் வைத்துப் பார்ப்போம். பெரியவர்களுக்கு வேர்க்கடலை சாஸ் ஊற்றிய கோழி, மகனுக்குச் சாஸ் இல்லாத அதே கோழி, எல்லாருக்கும் வெள்ளரி, தக்காளி, கீரை இலை கலந்த சாலட். ஒரே அடுப்பு, ஒரே ஆள்.

முதலில் சாலட்டை நறுக்குங்கள். கோழியை ஃப்ரிட்ஜிலிருந்து வெளியே எடுக்கவே வேண்டாம். ஊதாப் பலகை, ஊதாக் கைப்பிடிக் கத்தி. சாலட் எல்லாருக்குமானது என்றாலும் ஊதாவில் நறுக்கினால் மகனுக்கும் அதுவே போதும், தனியாக ஒன்று தேவையில்லை. நறுக்கியதை ஊதா டப்பாவில் போட்டு மூடி, ஃப்ரிட்ஜின் மேல்தட்டில் வைத்துவிடுங்கள். ஊதாப் பலகையையும் கத்தியையும் உடனே கழுவி, மாட்டும் இடத்தில் மாட்டிவிடுங்கள். இப்போது மேடையில் ஊதா எதுவும் இல்லை. இந்த வரிசை மட்டும் பழகிவிட்டால் பாதித் தொல்லை தீர்ந்தது. அடுப்பேறாததை முதலில் முடித்துவிட்டால், கோழி நீர் தெறித்தாலும் அதில் விழுவதற்கு ஒன்றும் இருக்காது.

அடுத்து சிவப்புப் பலகை. கோழியைக் குழாயடியில் கழுவ வேண்டாம். கழுவுவதால் கிருமி போகாது, தெறிக்கும் துளிகள் சிங்க்கையும் பக்கத்தில் காயும் பாத்திரங்களையும் நனைக்கும். ஈரம் அதிகம் இருந்தால் காகிதத் துண்டால் ஒற்றி, அதை நேராகக் குப்பையில் போடுங்கள். சிவப்புக் கத்தியால் நறுக்கி, சிவப்பு இடுக்கியால் கடலை ஒருபோதும் படாத வாணலியில் போட்டபின், வேறு எதையும் தொடும் முன் சோப்புப் போட்டு 20 விநாடி கை கழுவுங்கள். உங்கள் கைக்கு நிறம் கிடையாது. எவ்வளவு ஒழுங்காகப் பலகை பிரித்தாலும், கோழி தொட்ட விரலால் மசாலா டப்பாவின் மூடியையும் குழாயின் பிடியையும் ஃப்ரிட்ஜின் கதவையும் தொட்டால் பிரித்ததற்குப் பலனில்லை. மசாலா, உப்பு எல்லாவற்றையும் கோழியை எடுக்கும் முன்பே சிறு கிண்ணங்களில் அளந்து வைத்துக்கொண்டால் நடுவில் டப்பா திறக்கும் வேலையே வராது.

இப்போது வாணலியில் கோழி வேகிறது. இங்கேதான் கரண்டி விஷயம். ஆரம்பத்தில் கிளறும் கரண்டி வேகாத கோழியைத் தொடுகிறது. அந்தக் கரண்டியை மேடையில் வைக்கிறோம், அதிலிருந்து நீர் வடிகிறது. பத்து நிமிடம் கழித்து அதே கரண்டியால் வெந்த கோழியை அள்ளித் தட்டில் போடுகிறோம். பலகையில் எவ்வளவு கண்டிப்பாக இருக்கிறவர்களும் இதைக் கவனிப்பதில்லை. சிவப்புக் கரண்டியால் தொடங்குங்கள். எல்லாத் துண்டுகளும் எல்லாப் பக்கமும் வெளுத்து, இளஞ்சிவப்பு நிறம் எங்கும் தெரியாமல் போனதும், சிவப்பைச் சிங்க்கில் போட்டுவிட்டு ஊதாக் கரண்டிக்கு மாறுங்கள். மேல்பக்கம் வெளுத்தது வெந்ததற்கு அடையாளம் அல்ல, கரண்டி மாற்றுவதற்கான அடையாளம் மட்டுமே. வெந்ததை, பெரிய துண்டு ஒன்றின் நடுவில் வெப்பமானியைக் குத்தி 75 டிகிரி வந்ததா என்று பார்த்து முடிவு செய்யுங்கள்.

கோழி வெந்ததும் மகனுடைய பங்கை ஊதாக் கரண்டியால் எடுத்து ஊதா டப்பாவில் போட்டு மூடுங்கள். மூடிய பிறகுதான் வேர்க்கடலை டப்பாவைத் திறக்க வேண்டும். இந்தச் சமையலில் கட்டாயம் தவறக்கூடாத இடம் இதுதான். ஊதாக் கரண்டியையும் இப்போதே வாணலியிலிருந்து எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பழக்கதோஷத்தில் அதே கரண்டியால் சாஸைக் கிளறிவிடுவோம். மீதிக் கோழியை நிறமில்லாத வேறு பாத்திரத்துக்கு மாற்றி, நிறமில்லாத கரண்டியால் கடலை சாஸைக் கலந்துகொள்ளுங்கள். மகன் கொஞ்சம் இன்னும் வேண்டும் என்று கேட்டால்? அந்தப் பாத்திரத்தின் ஓரத்தில் சாஸ் படாத துண்டு என்று எதுவும் கிடையாது. அதனால் அவனுக்கு முதலிலேயே சற்றுத் தாராளமாக எடுத்து வைத்துவிடுங்கள்.

கழுவும் வரிசையும் இதே மாதிரிதான். ஊதா முதலில், புதுச் சோப்பு நீரில், ஊதா ஸ்க்ரப்பரால். கழுவியவுடன் துடைக்காமல் தனியாக நிறுத்திக் காயவிடுங்கள், ஏனென்றால் துடைக்கிற துணி எதைத் தொட்டது என்று உங்களுக்குத் தெரியாது. அடுத்து கடலை பட்ட பாத்திரங்கள். அவற்றிலுள்ள விழுதைக் காகிதத்தால் வழித்துக் குப்பையில் போட்டுவிட்டுச் சாதாரண ஸ்க்ரப்பரால் தேய்த்து, ஓடும் நீரில் நன்றாக அலசுங்கள். வழிக்காமல் தொட்டியில் ஊறப்போட்டால் அந்தத் தண்ணீர் முழுவதும் கடலை நீராகிவிடும். கடைசியில் சிவப்பு, அதற்கென்று உள்ள சிவப்பு ஸ்க்ரப்பரால். பிறகு சிங்க்கையே ஒருமுறை சோப்புப் போட்டுத் தேய்த்துவிடுங்கள். ஸ்க்ரப்பருக்கும் நிறம் வேண்டும் என்று முதலிலேயே சொன்னதற்குக் காரணம் இதுதான். மூன்று பலகை வாங்கி ஒரே பஞ்சால் தேய்ப்பவர், பிரித்ததை எல்லாம் தினமும் இரவில் மறுபடி கலந்துவிடுகிறார்.

சிவப்புப் பலகைக்குக் கூடுதலாக ஒரு வேலை செய்யலாம். சோப்பால் கழுவி அலசியபின், ஒரு லிட்டர் தண்ணீரில் 4 மில்லி, அதாவது ஒரு டீஸ்பூனுக்குச் சற்றுக் குறைவாக, வாசனை சேர்க்காத சாதாரண குளோரின் பிளீச் கலந்து பலகை முழுவதும் ஊற்றிச் சில நிமிடம் விட்டு, அலசிக் காயவிட வேண்டும். அழுக்கு இருக்கும் பலகையில் பிளீச் சரியாக வேலை செய்யாது, அதனால் சோப்பு முதலில்தான். வினிகரையோ வேறு கிளீனரையோ அதோடு கலக்கவே கூடாது, நச்சுவாயு வரும். இது கிருமிக்கான வைத்தியம். கடலைக்கு இதை நம்ப வேண்டாம், அதற்குத் தேய்ப்பதும் அலசுவதும்தான்.

டப்பாவுக்கு வருவோம். உடல் கண்ணாடி மாதிரித் தெளிவாக, மூடி மட்டும் கலராக இருக்கும் டப்பாக்கள்தான் அதிகம் கிடைக்கும். அவற்றைத் தவிர்த்துவிடுங்கள். ஒரே அளவு டப்பாக்களின் மூடிகள் ஒன்றுக்கொன்று மாறிக்கொண்டே இருக்கும். மூடியைத் திறந்து மேடையில் வைத்தவுடன் அடிப்பாகத்துக்கு அடையாளமே இல்லை. ஊதா மூடி போட்ட டப்பாவுக்குள் நேற்றுக் கடலைச் சட்னி இருந்திருக்கலாம், அது எந்த உடல் என்று யார் சொல்வது? உடலே ஊதாவாக இருக்க வேண்டும், அல்லது மற்ற டப்பாக்கள் எதிலும் பொருந்தாத வடிவமாக இருக்க வேண்டும். மற்றவை எல்லாம் சதுரம் என்றால் ஊதா வட்டம். அப்போது மூடி மாறவே வழியில்லை. இரண்டு, மூன்று டப்பா போதும். அதிகம் வாங்கினால் காலியாக இருப்பதை மற்ற வேலைக்கு எடுத்துவிடத் தோன்றும்.

ஃப்ரிட்ஜில் இடமும் நிறத்தோடு சேர்ந்ததுதான். 5 டிகிரிக்குக் கீழே இருக்கட்டும். சமைக்காத இறைச்சி சிவப்பு டப்பாவில், அடித்தட்டில். சொட்டினாலும் கீழே விழ வேறு உணவு இருக்காது. ஊதா மேல்தட்டில். கடலை விழுது, கடலை சேர்த்த மிச்சம் எதுவும் ஊதாவுக்கு மேலே இருக்கக்கூடாது.

டப்பாவைவிட முக்கியமாக நான் நினைப்பது பொதுவாக எல்லாரும் கைவிடும் பாட்டில்கள். ஜாம், வெண்ணெய், தேன். ஒருவர் ரொட்டியில் கடலை வெண்ணெய் தடவிவிட்டு, அதே கத்தியை ஜாம் பாட்டிலுக்குள் விடுகிறார். பார்க்க ஜாம் ஜாமாகத்தான் இருக்கும். மறுநாள் மகன் அதை ஊதாக் கத்தியால், ஊதாத் தட்டில் தடவிச் சாப்பிட்டாலும் ஆபத்து ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. வெளியே பிரித்த நிறம் எதுவும் இங்கே உதவாது. அவனுக்கென்று தனிப் பாட்டில் வாங்கி, திறந்த நாளிலேயே ஊதா டப்பாவுக்கு மாற்றிவிடுங்கள். பாதி தீர்ந்த பழைய பாட்டிலை அவனுக்கு ஒதுக்குவதில் அர்த்தமில்லை.

நிறம் பிரித்தும் காப்பாற்ற முடியாத சாமான்கள் சில உண்டு. மிக்ஸி ஜார் முதலாவது. பிளேடுக்கு அடியிலும் மூடியின் ரப்பர் வளையத்துக்குள்ளும் விழுது புகுந்துகொள்ளும், கழுவிய ஜாரிலிருந்து வளையத்தைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே பழுப்பாக ஒரு கோடு இருக்கும். கடலை அரைக்கும் ஜாரில் மகனுக்கு எதையும் அரைக்கக்கூடாது, தனி ஜார்தான் வழி. சல்லடை, துருவி, மரக்கரண்டி, மரப்பலகை ஆகியவையும் அப்படித்தான். கண்ணிகளுக்குள்ளும் மரத்தின் இழைகளுக்குள்ளும் போனதைத் தேய்த்து எடுக்க முடியாது. மரப்பலகை கிருமி விஷயத்தில் பலரும் நினைப்பதுபோல் மோசமானது அல்ல. ஈரத்தோடு உள்ளே இழுக்கப்படும் கிருமிகள் பெரும்பாலும் அங்கேயே காய்ந்து சாகும். ஆனால் கடலைப் புரதம் காய்ந்தாலும் புரதம்தான். ஆகவே ஊதாவில் மரம் வேண்டாம். இணைப்பு இல்லாமல் முழுவதும் ஒரே சிலிகான் வார்ப்பாக இருக்கும் கரண்டி நல்லது. தலை சிலிகான், கைப்பிடி மரம் என்று செருகியிருந்தால், செருகிய இடத்தில் எல்லாம் தங்கும்.

ஏற்கெனவே உள்ள எவர்சில்வர் கரண்டியில் நெயில் பாலிஷ் பூசலாமா, டேப் சுற்றலாமா என்று கேட்பார்கள். வேண்டாம். பாலிஷ் உரிந்து உணவில் விழும், டேப்பின் ஓரத்தில் அழுக்குப் பிடிக்கும், ஒருநாள் அவிழ்ந்து போனால் அந்தக் கரண்டி அடையாளமில்லாமல் மற்றவற்றோடு சேர்ந்துவிடும். நிறம் பொருளோடு பிறந்ததாக இருக்க வேண்டும்.

ஒரு விஷயத்தை வாங்கும் முன் யோசித்துக்கொள்ளுங்கள். ஆண்களில் ஏறக்குறைய 12 பேரில் ஒருவருக்கும், பெண்களில் 200 பேரில் ஒருவருக்கும் சிவப்பு-பச்சை நிறங்களைப் பிரித்தறிவதில் குறை இருக்கும். அவர்களில் பலருக்கு ஊதாவும் நீலமும் ஒன்றுபோலத் தெரியும். பலருக்குத் தங்களுக்கு அது இருப்பதே தெரியாது. மஞ்சள் விளக்கு எரியும் அடுக்களையில் மற்றவர்களுக்குக்கூட அடர் ஊதாவும் அடர் சிவப்பும் நெருங்கி வந்துவிடும். அதனால் சமையலறையில் நீலச் சாமான்களை வைக்காதீர்கள். சிவப்புப் பலகை நீள்சதுரமாகவும் ஊதா வட்டமாகவும் இருக்கட்டும். விளக்கு மங்கலாக இருந்தாலும் கை தடவியே தெரிந்துவிடும். சமையலுக்கு உதவ வரும் பெரியவர்களுக்கும் "வட்டமாக இருப்பது பிள்ளையுடையது" என்பது, நிற அட்டவணையைவிட எளிதாக மனதில் நிற்கும்.

இந்த ஏற்பாடு நிஜமாகவே நடக்கிறதா என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. ஒரு வாரம் கழித்து, யாருக்கும் சொல்லாமல், இரவில் எல்லாரும் சாப்பிட்டபின் சிங்க்கையும் பொதுக் கரண்டிகள் கிடக்கும் டிராயரையும் பாருங்கள். ஊதா ஸ்பூன் மற்ற எச்சில் பாத்திரங்களுக்கு அடியில் கிடக்கிறதா? பொதுக் கரண்டிகளோடு படுத்திருக்கிறதா? கிடந்தால் வீட்டாரைக் கடிந்து பயனில்லை, வைக்கும் இடம் சரியில்லை என்று பொருள். ஊதாச் சாமான்கள் சிங்க்குக்கு எதிர்ப்பக்கம், கண்ணுக்கு நேராகச் சுவரில் தொங்கினால் எடுப்பவர் யோசித்து எடுப்பார், வைப்பவர் திரும்ப அங்கேயே வைப்பார். ஆணி காலியாகத் தெரிந்தால் ஏதோ ஒன்று வழிதவறிப் போயிருக்கிறது. எங்கே போனது என்று தெரியாத ஊதாக் கரண்டியைச் சந்தேகத்தோடு பயன்படுத்தாமல், நன்றாகச் சோப்புப் போட்டுத் தேய்த்து அலசிய பிறகே மாட்டுங்கள்.

இவ்வளவு சொன்னாலும் ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். மகனுக்கு மூச்சுத்திணறல் வரை போகும் கடுமையான ஒவ்வாமை என்று மருத்துவர் சொல்லியிருந்தால், என் யோசனை நிறம் பிரிப்பது அல்ல, வேர்க்கடலையை வீட்டுக்குள் கொண்டுவராமல் இருப்பதுதான். பெரியவர்கள் வெளியே சாப்பிட்டுக்கொள்ளலாம். எட்டு வயதுப் பிள்ளை பசியில் எதையும் யோசிக்காமல் எடுத்து வாயில் போடும். எவ்வளவு சிறிய அளவு அவனுக்குப் பிரச்சினை என்பதை மருத்துவரிடம் நேராகக் கேட்டுத் தெரிந்துகொண்டு, அதன்பின் முடிவு செய்யுங்கள். கடையில் வாங்கும் பொட்டலங்களில் "வேர்க்கடலை கலந்திருக்கலாம்" என்று அச்சடித்திருந்தால் அதையும் ஊதா டப்பாவில் போடக்கூடாது. ஊதாவுக்குள் போகும் ஒவ்வொரு பொருளின் பொட்டலத்தையும் ஒருமுறை படித்தாக வேண்டும்.

கடைசியாக, எப்போது மாற்றுவது. பிளாஸ்டிக் பலகையில் விரல் நகத்தை மெல்ல இழுத்துப் பாருங்கள். கத்தித் தழும்பில் நகம் மாட்டினால் அதன் ஆழத்துக்கு ஸ்க்ரப்பர் போகாது, காலம் முடிந்துவிட்டது. தக்காளியோ மஞ்சளோ பட்டு வந்த கறை அழகைத்தான் கெடுக்கும், அதற்காக மாற்ற வேண்டியதில்லை. சூட்டில் பலகை வளைந்து மேடையில் ஆடத் தொடங்கினால் கத்தி வழுக்கும், அப்போதும் மாற்றிவிடுங்கள். பழைய ஊதாப் பலகையை "சும்மா கிடக்கட்டும்" என்று கடலை நறுக்கவோ, வேறு பொது வேலைக்கோ இறக்கிவிடாதீர்கள். ஒரே ஒரு ஊதாப் பலகை கடலை தொட ஆரம்பித்துவிட்டால், அடுத்த நாளிலிருந்து வீட்டில் எந்த ஊதாவையும் பார்த்தவுடன் நம்ப முடியாது. புதியது வந்த அன்றே பழையதை வீட்டைவிட்டு வெளியேற்றிவிடுங்கள்.